காமெடிப் படம் என்று நம்பிப் போட்டுவிடாதீர்கள்

துக்கத்தில் இருக்கும் தோழிக்குத் துணையாக ஒரு படம் பார்க்கலாம் என்று நினைத்தால், கை தானாகவே காமெடிப் பக்கம் போகும். சிரித்தால் மனசு லேசாகும் என்கிற கணக்கு. ஆனால் தமிழ்ப் படங்களில் மரணம் அதிகம் ஒளிந்திருப்பது காமெடிக்குள்தான். அழவைக்கிற படமாவது விளம்பரத்திலேயே சொல்லிவிடுகிறது. ‘தவமாய் தவமிருந்து’ படத்தை அப்பாவை இழந்தவள் முன்னால் யாரும் தெரியாமல் போட்டுவிடப் போவதில்லை. வம்பு வருவது சிரிப்பு என்று பெயர் வாங்கிய படங்களில்.

‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்’ (2004) எல்லார் வீட்டிலும் சிரித்துக்கொண்டே பார்த்த படம். கதை முழுக்க நடப்பது ஆஸ்பத்திரியில். புற்றுநோய் வந்த இளைஞன் ஒருவன் ராஜாவின் கையிலேயே உயிர்விடுகிறான். நமக்கு நினைவில் நிற்பது கட்டிப்பிடி வைத்தியமும் கிரேசி மோகன் வசனமும்தான், அந்தக் கட்டில் நினைவில் இருக்காது. ‘பஞ்சதந்திரம்’ (2002) இன்னும் மோசம். நண்பர்கள் சேர்ந்து ஒரு பெண்ணின் உடலைப் போர்வையில் சுருட்டித் தூக்கிக்கொண்டு அலைவதுதான் நகைச்சுவையே. அவள் உண்மையில் சாகவில்லை என்று பிறகு தெரியும் என்பது உண்மை. ஆனால் போன மாதம் வீட்டு வாசலில் உடலைத் தூக்கியதைப் பார்த்தவளுக்கு ‘பிறகு’ வரை காத்திருக்கப் பொறுமை இருக்காது.

குழந்தைகள் படமென்றால் பத்திரம் என்று நினைத்தால், ‘காக்கா முட்டை’ (2015) கதையில் பாட்டி இறந்துபோகிறாள். இதமான படம் என்று பெயரெடுத்த ‘மொழி’யில் (2007) எம்.எஸ்.பாஸ்கர் நடித்த பேராசிரியர், மகனை இழந்த 1984-லேயே நின்றுவிட்டவர். அவரை அழவைத்து நிகழ்காலத்துக்குக் கொண்டுவரும் காட்சி தமிழ் சினிமாவில் துக்கத்தைப் பற்றி எடுத்த நல்ல காட்சிகளில் ஒன்று என்பது என் கருத்து. அதனாலேயே இந்த நேரத்துக்கு ஆகாது. அமெரிக்க கார்ட்டூன்களும் இப்படித்தான். ‘அப்’ (2009) தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மனைவி போய்விடுகிறாள். ‘ஃபைண்டிங் நீமோ’வில் (2003) முதல் காட்சியிலேயே அம்மா மீன் இல்லை.

ஆகவே படத்தின் வகையைப் பார்ப்பதற்கு முன் போனவர் எப்படிப் போனார் என்பதைப் பாருங்கள். யார் போனது, எங்கே போனது, எவ்வளவு நாள் படுத்திருந்து போனது என்ற மூன்றும் தெரிந்தால், விலக்கவேண்டிய படங்கள் தாமாகவே கழன்றுவிடும். சாலை விபத்தில் தம்பியை இழந்தவளுக்கு ஆஸ்பத்திரி காட்சி அவ்வளவு உறுத்தாமல் போகலாம், ஹீரோ பைக்கில் பறக்கிற ஒரு பாட்டு போதும் உலுக்க. அம்மாவை இழந்தவளுக்கு ‘தில்லு முல்லு’ (1981) சரிப்படாது. இல்லாத அம்மாவுக்குப் பதிலாக சௌகார் ஜானகியை அம்மாவாக நடிக்கக் கூட்டிவருவதுதான் அதன் பாதிச் சிரிப்பு. தற்கொலையில் யாரையாவது இழந்த வீடு என்றால் ‘பலே பாண்டியா’வை (1962) எடுக்கவே கூடாது. தற்கொலைக்குப் போன சிவாஜியைத் தடுப்பதில்தான் கதையே தொடங்குகிறது.

இதை ஒரு தோழி விஷயத்தில் எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். அவள் அப்பா நுரையீரல் புற்றுநோயில், பல மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் ஐசியூவில் போனார். காரியம் முடியும்வரை வீட்டில் டிவியே போடவில்லை. பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். காரியம் முடிந்த பிறகும் ஹாலில் சத்தமாகப் படம் ஓடினால் பெரியம்மா, அத்தைகளின் பார்வை சுருக்கென்று விழும். அந்தப் பார்வையை அவள் ஏன் தாங்கவேண்டும்? அதனால் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் போவது என்று முடிவானது. தியேட்டர் யோசனையை நானே கைவிட்டேன். காரணம் புகையிலை எச்சரிக்கை விளம்பரம். புகை பிடிக்கிற காட்சியுள்ள படமென்றால் தொடக்கத்திலும் இடைவேளையை ஒட்டியும் 30 விநாடி அதைப் போடவேண்டும் என்பது விதி. புற்றுநோய் நோயாளியின் முகத்தை அவ்வளவு பெரிய திரையில், இருட்டில், எழுந்து போக வழியில்லாத நடு சீட்டில் அவள் பார்க்கவேண்டிவரலாம். 2023 செப்டம்பர் 1 முதல் ஓடிடிக்கும் இதே விதி வந்துவிட்டது. அங்கே நல்ல வேளையாகத் தொடக்கத்தை நாம் முன்கூட்டியே ஓட்டி வைத்துக்கொள்ளலாம். யூடியூப் என்றால் வேறொரு தொல்லை. நடுவில் குதிக்கிற ஆயுள் காப்பீட்டு விளம்பரம், அப்பா இல்லாத குடும்பத்தைக் காட்டித்தான் பாலிசி விற்கும். விளம்பரமில்லாத சந்தா இருக்கிற யாராவது ஒருவரின் கணக்கைக் கடன் வாங்கிக்கொள்வது உத்தமம்.

படத்துக்கு வருவோம். ‘வசூல்ராஜா’ சொல்லாமலே போனது. ‘அபியும் நானும்’ (2008) படத்தில் யாரும் சாகவில்லை, ஆனால் பிரகாஷ்ராஜ் மகளை வளர்க்கிற கதை முழுவதும் அப்பாதான், அதுவும் வேண்டாம். பிறகு ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நின்றேன். அதிலும் ஒரு அப்பா இருக்கிறார், பாலையா. இரண்டு மகள்களுக்கு அப்பா. இதையும் விலக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அந்த அப்பாவுக்கு நோய் இல்லை, தியாகம் இல்லை, மகளுக்காகக் கண்ணீர் விடுகிற காட்சி இல்லை. பணத்தாசையில் ஏமாந்து முழிப்பதுதான் அவர் வேலை. உருகவைக்கிற அப்பாவுக்கும் ஏமாறுகிற அப்பாவுக்கும் நிறைய தூரம். இன்னொன்றையும் விசாரிக்கவேண்டியிருந்தது. அவள் அப்பாவுக்குப் பிடித்த படமா இது? படத்தில் சாவே இல்லாவிட்டாலும், போனவர் ஞாயிறுதோறும் சிரித்துச் சிரித்துப் பார்த்த படமாக இருந்தால் நாகேஷ் வாயைத் திறந்ததும் அவர் வந்து நிற்பார். அவள் அண்ணனிடம் கேட்டதில், அப்பா எம்.ஜி.ஆர். ரசிகர், ஸ்ரீதர் படம் பக்கமே போகமாட்டார் என்றார். அதனால் ‘அன்பே வா’வும் (1966) பட்டியலிலிருந்து போயிற்று. சண்டை, சாவு என்ற தொல்லை அதிகமில்லாத, சிம்லாவில் ஜாலியாக ஓடுகிற படம். மற்ற எல்லா வீட்டுக்கும் நான் முதலில் சொல்லக்கூடிய படம், அந்த வீட்டுக்கு மட்டும் ஆகாது.

இரண்டு பேரும் ஏற்கெனவே பார்த்த படமாக இருப்பது நல்லது என்பதையும் அங்கேதான் கவனித்தேன். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் அவள் உடம்பு கொஞ்சம் இளகி உட்காருகிறது. புதுப் படத்தில் ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் எதற்கோ தயாராகிக்கொண்டே இருக்கவேண்டும். தமிழ்ப் படத்தில் சுவரில் மாலை போட்ட போட்டோ எப்போது வருமென்று சொல்லமுடியாது. கதாநாயகிக்கு அம்மா இல்லை என்று சொல்ல நம் இயக்குநர்களுக்கு வேறு வழியே தெரியாது என்று சில நேரம் எரிச்சலாகக்கூட வரும்.

பார்க்காத படம்தான் வேண்டுமென்றால், முன்னாலேயே நீங்கள் தனியாக ஒருமுறை பார்த்துவிடுவதுதான் நம்பகமான வழி. முழுசாகப் பார்க்க நேரமில்லையென்றால் விக்கிபீடியாவில் கதைச் சுருக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். அங்கே முடிவை மறைப்பதில்லை. Does the Dog Die என்ற தளத்தில், படத்தில் நாய் சாகிறதா, அப்பா அம்மா சாகிறார்களா, ஆஸ்பத்திரி காட்சி உண்டா, தற்கொலை உண்டா என்று பார்த்தவர்களே ஒவ்வொன்றாகக் குறித்துவைக்கிறார்கள். ஆங்கிலப் படங்களுக்கு அது நன்றாக உதவும். தமிழ்ப் படத்துக்கு, அதைப் பார்த்த ஒரு நண்பரிடம் “யாராவது சாகிறாங்களா, ஆஸ்பத்திரி வருதா” என்று நேராகக் கேட்பது சுலபம். “நல்ல படமா” என்று கேட்டால் நமக்கு வேண்டிய பதில் வராது. தணிக்கைச் சான்றிதழை நம்பாதீர்கள். ‘யு’ என்பது குழந்தைகளும் பார்க்கலாம் என்பதற்குத்தான், யாரும் சாகமாட்டார்கள் என்பதற்கல்ல.

அவளிடம் “என்ன பார்க்கலாம்?” என்று கேட்காதீர்கள். துக்கத்தில் இருப்பவருக்குச் சாப்பாட்டில் எது வேண்டும் என்று சொல்வதே பாரம். வடிகட்டி வைத்த இரண்டு பெயரைச் சொல்லி, “இதுவா அதுவா, இல்ல சும்மா உட்கார்ந்திருப்போமா” என்று கேட்டால் போதும். படத்தில் உங்களால் தவிர்க்கமுடியாத காட்சி ஒன்று இருந்தால் அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், “நடுவுல ஒரு ஆஸ்பத்திரி சீன் இருக்கு, வரும்போது தள்ளிடுறேன்” என்று.

உட்காருவது பக்கத்தில் பக்கத்தில். படத்தின் பெரிய உபகாரமே இதுதான். இருவர் கண்ணும் திரையில் இருப்பதால் அவள் முகத்தை யாரும் கவனிக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசியதில் அவள் களைத்திருப்பாள். சிரிப்பு வரும் இடத்தில் திரும்பிப் பார்த்து, அவள் சிரித்தாளா என்று சோதிக்காதீர்கள். சிரித்துவிட்டால் சிலருக்குக் குற்ற உணர்ச்சி வரும், அதை நாம் பார்த்தோம் என்று தெரிந்தால் இன்னும் கூடும்.

இவ்வளவு வடிகட்டியும் அன்று பாலையா வேட்டியும் கையுமாக நடந்துவந்த ஏதோ ஓர் இடத்தில் அவளுக்குக் கண் நிறைந்தது. எந்தத் தளத்திலும் யாரும் எழுதிவைத்திருக்க முடியாத இடம். “நிறுத்தட்டுமாடி?” என்றேன். “வேணாம், ஓடட்டும்” என்றாள். ஓடட்டும் என்றால் ஓடவிட வேண்டியதுதான். பதறிப்போய் நிறுத்தினால், ஒரு நிமிடத்தில் கடந்திருக்கக்கூடிய அழுகை பெரிய விஷயமாகி, நம்மைத் தேற்றுகிற வேலை அவள் தலையில் விழும்.

நாகேஷ் கதை சொல்லிப் பாலையாவைப் பயமுறுத்துகிற காட்சி முடிந்து கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கிவிட்டாள். எழுப்பாதீர்கள். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி பெஞ்சில் அரைத்தூக்கம் தூங்கியவள். ஒலியைச் சட்டென்று நிறுத்தினால் விழித்துக்கொள்வாள், மெல்ல மெல்லக் குறைக்கவேண்டும். படம் முடிந்ததும் ஓடிடி தானாக அடுத்ததை ஓட்டத் தொடங்கும், அமைப்பில் போய் அதை முன்னாலேயே அணைத்துவைத்திருக்கவேண்டும். முழுப் படம் பார்க்கவேண்டும் என்ற கட்டாயமே இல்லை, முதல் சில வாரம் 40 நிமிடம் தாண்டினாலே அதிகம். மிச்சத்தை அடுத்த வாரம் வர ஒரு சாக்காக வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் காவல் நிரந்தரம் அல்ல. சில மாதம் கழித்து அவளே, “அப்பா பார்ப்பாரே, அந்த எம்.ஜி.ஆர். படம் போடேன்” என்றாள். அப்போது ‘வேண்டாமே, இன்னொரு நாள் பார்க்கலாம்’ என்று தடுக்கிற உரிமை நமக்குக் கிடையாது. சிலருக்கு இந்த ஆசை பத்தாம் நாளே வரும், சிலருக்கு வருடக்கணக்கில் வராது. அன்று ‘அன்பே வா’ போட்டோம். அவள் அப்பா எந்த இடத்தில் விசில் அடிப்பார், எந்தப் பாட்டுக்கு எழுந்து டீ போடப் போவார் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னதில் படம் முடிய நள்ளிரவு ஆகிவிட்டது.