அளவுப் புத்தகத்தில் ஏறாதவை

சில வருஷங்களுக்கு முன்னால் சென்னைப் புறநகரில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்புக் கட்டடத்தில் சைட் இன்ஜினியராக இருந்தேன். அங்கே ஒரு சென்ட்ரிங் சப்-காண்ட்ராக்டரை வேலையிலிருந்து நீக்கினேன். மேஸ்திரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நீக்கியது சரி என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். உறுத்துவது அதற்கடுத்து போட்ட கணக்கு.

அவருக்கு ஏற்கெனவே இரண்டு நோட்டீஸ் கொடுத்திருந்தேன். முதலாவது, ஸ்லாப் ஓரத்தில் ஆட்கள் பெல்ட் இல்லாமல் நின்றதற்கு. பெல்ட்டெல்லாம் ஷெட்டில் ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது, ஓரத்தில் கட்டியிருந்த தடுப்புக் குழாயை இடைஞ்சல் என்று அவிழ்த்துப் போட்டதற்கு. இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். "சரி சார், பாத்துக்கறேன்" என்றார்.

மூன்றாவது சம்பவம், முதல் தளக் கூரைக்கு கான்கிரீட் போட்ட ஆறாம் நாள் காலை நடந்தது. கீழே போய்ப் பார்த்தால் வெளிச்சம் அதிகமாக இருந்தது. ஸ்லாபுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த ஜாக்கிகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். நாலரை மீட்டருக்குள் இடைவெளி உள்ள ஸ்லாபுக்கு ஏழு நாள் முட்டு நிற்க வேண்டும் என்கிறது IS 456. எங்களுடையது 4.2 மீட்டர். பீமுக்குப் பதினான்கு நாள். மேஸ்திரி பீம் அடியில் இருந்தவற்றைத் தொடவில்லை. அந்த அளவுக்கு அவருக்கு வேலை தெரியும்.

எடுத்த ஜாக்கிகள் மேலே போயிருந்தன. அடுத்த தளத்துக்குப் பாதி சென்ட்ரிங் ஏறிவிட்டது. ஏறிப் பார்த்தேன். சில ஜாக்கிகள் செங்கல் துண்டின் மேல் நின்றன. சிலவற்றில் பின் போடும் துளையில் வெட்டிப்போட்ட கம்பித் துண்டு செருகியிருந்தது. ஐந்து அங்குல ஸ்லாபின் ஈரக் கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 310 கிலோ. அதை இந்தக் கம்பித் துண்டுகள் தாங்க வேண்டும். அவை தாங்கும் எடையைக் கீழே இருக்கும் இளம் ஸ்லாப் தாங்க வேண்டும். அதற்கு அடியிலோ முட்டு இல்லை.

எல்லோரையும் இறங்கச் சொல்லி, இருந்த ஜாக்கிகளைத் திரும்பக் கீழே கொடுக்க வைத்தேன். மதியம் புராஜெக்ட் மேனேஜரிடம் பேசி நீக்கக் கடிதம் தயாரானது.

கடிதத்தை வாங்கிக்கொண்டு மேஸ்திரி கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "சார், பன்னெண்டு நாளைக்கு ஒரு ஸ்லாப்னு அட்டவணை போட்டது யாரு?"

நான்தான். காலம் எழுப்ப மூன்று நாள், தட்டு அடிக்க ஆறு, கம்பி கட்ட இரண்டு, கான்கிரீட்டுக்கு ஒன்று. அந்தக் கணக்குப்படி நான்காம் நாளிலிருந்தே ஜாக்கி மேல்தளத்தில் நிற்கத் தொடங்க வேண்டும். விதிப்படி அதே ஜாக்கி ஏழாம் நாள் வரை கீழே நிற்க வேண்டும். அவரிடம் இருந்தது ஒரே செட். ஒப்பந்தம் போடும்போதே இது எனக்குத் தெரியும். இன்னும் நூறு ஜாக்கி வாடகைக்கு எடுத்தால் தீர்ந்துவிடும். எடுத்திருந்தால் அதை எந்தத் தலைப்பில் பில் போடுவது? ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. சதுர மீட்டருக்கு 350 ரூபாய், அவ்வளவுதான்.

இதைச் சொல்லி மேஸ்திரியை விடுவிக்க நான் முயலவில்லை. "முடியாது" என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கம்பித் துண்டைச் செருகினார். அதன் கீழே நடமாடியவர்கள் அவருடைய ஆட்கள். அது அவருடைய தவறுதான். ஆனால் அந்தத் தவறுக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையில்தான் நாங்கள் அவரை வாங்கியிருந்தோம்.

மறுநாள் கூட்டு அளவெடுப்பு. டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். சென்ட்ரிங்கை அளக்க ஒரு முறை உண்டு. கான்கிரீட் தொட்டிருக்கும் பரப்பைத்தான் அளக்க வேண்டும். முதல் தளக் கூரை 310 சதுர மீட்டர், அதற்கு மேலே எழுப்பிய காலங்கள் 48. ஆக 1,25,300 ரூபாய். கொடுத்த அட்வான்ஸ் 80,000. ஐந்து சதவீதப் பிடித்தம் 6,265. கையில் தர வேண்டியது 39,035.

மேலே பாதி ஏறி நின்ற சென்ட்ரிங்கை கான்கிரீட் தொடவில்லை. அதனால் அளவு பூஜ்யம். பதினான்கு பேர் மூன்று நாள் வெயிலில் அடித்தது புத்தகத்தில் இல்லை.

"அதுக்கு ஏதாவது போடுங்க சார்" என்றார் மேஸ்திரி. புராஜெக்ட் மேனேஜர் மறுத்தார். அவர் சொன்ன காரணத்தை என்னால் எளிதாகத் தள்ள முடியவில்லை. அந்த சென்ட்ரிங் எங்களுக்கு உபயோகமில்லை, பிரித்துத்தான் போட வேண்டும். ஆபத்தாகச் செய்த வேலைக்குக் காசு கொடுத்தால் அவசரத்துக்குக் கூலி கொடுத்ததாக ஆகும். நாளைக்கு வரும் மேஸ்திரியும் இதைக் கேள்விப்படுவான். இந்த நியாயத்தில் ஓட்டை இல்லை. மேஸ்திரி வரைக்கும் இல்லை.

ஆனால் மேஸ்திரிக்குக் கீழே பதினான்கு பேர் இருந்தார்கள். பெரும்பாலும் ஒடிசாக்காரர்கள். வாராவாரம் செலவுக் காசு வாங்கிக்கொண்டு மீதியை மொத்தமாக ஊருக்கு அனுப்புகிறவர்கள். அவர்களுக்குக் கூலி பாக்கி 60,400. மேஸ்திரி கைக்கு வருவது 39,035. யாருடைய உயிருக்காக அந்த வேலையை நிறுத்தினேனோ, அவர்களிடமிருந்தே 21,365 ரூபாயை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சதுர மீட்டர் கணக்கில் வேலைக்கு வந்தவர்கள் இல்லை. நாள் கூலிக்கு வந்தவர்கள். சொன்ன இடத்தில் அடித்தார்கள். அளவு என்பது எங்களுக்கும் மேஸ்திரிக்கும் இடையிலான பேச்சு. அதன் நஷ்டம் மட்டும் அந்தப் பேச்சில் இல்லாத ஆட்கள் மேல் இறங்கியது.

மேனேஜரிடம் கருணை பேசவில்லை, சட்டம் பேசினேன். அப்போது நடைமுறையில் இருந்த 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்படி, காண்ட்ராக்டர் கூலி தராவிட்டாலோ குறைத்துத் தந்தாலோ முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும். பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். புகார் போனால் பில்டர் அதை எங்கள் தலையில்தான் இறக்குவார். மேனேஜர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நீயே நின்னு குடு. ரேகை வாங்கிக்கோ" என்றார்.

மேஸ்திரியின் 39,035, பிடித்தம் 6,265, கம்பெனிப் பணம் 15,100. மூன்றையும் சேர்த்து கேட் பக்கத்தில் மேசை போட்டு, மேஸ்திரியை அருகில் உட்கார வைத்து, ஆள் ஆளாகக் கூப்பிட்டுக் கொடுத்தோம். அந்த 15,100-ஐ அவர் பேரில் பற்று எழுதினோம். அது திரும்பி வரவில்லை. வராது என்பது எழுதும்போதே எல்லோருக்கும் தெரியும். அளந்த வேலைக்கு மட்டும் பணம் என்ற விதி மேஸ்திரியிடம் அப்படியே நின்றது. அந்த வேலையில் அவர் கைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

பணத்தை எண்ணி வாங்கியவர்களில் ஒரு பையனிடம், அடுத்து எங்கே என்று கேட்டேன். மேஸ்திரியைக் கைகாட்டினான். அடுத்த வாரம் வேறொரு சைட்டாம். அதே ஆட்கள், அதே ஜாக்கிகள், ஒருவேளை அதே கம்பித் துண்டுகள். அந்த ஆபத்தை என் கேட்டுக்கு வெளியே அனுப்பியிருக்கிறேன், அவ்வளவுதான் என்று அப்போது புரிந்தது.

அடுத்த சென்ட்ரிங் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் சேர்த்தேன். ஓரத் தடுப்புக்கு ஓடுமீட்டர் கணக்கில் ரேட். கீழ்த்தளத்தில் விட்டுவைக்கும் ஜாக்கிக்கு நாள் வாடகை, தினமும் எண்ணி அளவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அட்டவணையைப் பதினாறு நாளாக்கினேன். அதற்கு மேனேஜர் சம்மதிக்கவில்லை, பதினான்கில் முடிந்தது. புது மேஸ்திரி முதல் பில்லில் ஜாக்கி எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருந்தார். கீழே போய் ஒவ்வொன்றாக எண்ணித்தான் குறைத்தேன். எண்ணும்போது கம்பித் துண்டு எதிலும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.