இனி நீங்கள் விருந்தாளி இல்லை!

எக்ஸிட் அடித்துவிட்டு ஊர் வந்து சேர்ந்துவிட்டீர்கள். "எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க?" என்று கேட்கிறவர்களிடம் "இனிப் போகல" என்று நிமிர்ந்து சொல்லுங்கள்!

சொன்ன கையோடு ஒரு கணக்கும் போடுங்கள். சவுதியில் 12 ஆண்டு. வருடத்துக்கு ஒரு மாத விடுப்பு என்றாலும், நீங்களும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்தது மொத்தம் ஓராண்டுதான். அதுவும் விருந்து, காதுகுத்து, கல்யாணம் என்று ஓடிப்போனது. உண்மையான குடித்தனம் இப்போதுதான் தொடங்குகிறது. முதல் சண்டைக்கே "திரும்பப் போயிடலாமா?" என்று மிரளாதீர்கள்!

சண்டை எங்கே முளைக்கும்? தம்மாமிலிருந்து திரும்பும் ஒரு வெல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் "பாலுக்கு எதுக்கு இவ்வளவு?" என்கிறார். ஏ.டி.எம். கார்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். மகளோ பள்ளிப் படிவத்தைப் பழக்கதோஷத்தில் அம்மாவிடம் நீட்டுகிறாள். பேனாவை எடுத்த அப்பாவின் கை அப்படியே நிற்கிறது. அன்றிரவு வீட்டில் பேச்சில்லை.

அண்ணே, நகையை அடகு வைத்து, மீட்டு, கொத்தனாரிடம் மல்லுக்கட்டி வீட்டைக் கட்டி முடித்தவர் உங்கள் மனைவி. ஒரே நாளில் அவரிடம் வரவு செலவு கேட்காதீர்கள். மூன்று மாதம் எதையும் மாற்றாமல் வீடு எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

தங்கையே, "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்பதை இன்றோடு விடுங்கள். சொல்லாமல் போட்ட சீட்டு, தம்பிக்குக் கொடுத்த கைமாற்று எல்லாவற்றையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். பள்ளிக்கூட வேலையை முழுசாகக் கணவரிடம் விடுங்கள். அவர் தப்புச் செய்தாலும் குறுக்கே போகாதீர்கள்.

அடுத்தது பணம். சவுதிச் சட்டப்படி பணிக்கொடை முதல் 5 ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம், அதற்குமேல் ஒரு மாதச் சம்பளம். 12 ஆண்டுக்கு ஒன்பதரை மாதம். சம்பளம் 2,000 ரியால் என்றால் 19,000 ரியால். அவ்வளவுதான், இனி மாதாமாதம் வராது! மச்சான் கேட்டார், மாமா கேட்டார் என்று ஒருவர் மட்டும் முடிவெடுத்தால் ஓராண்டு தாங்காது. இருவரும் ஒப்பாமல் ஒரு ரூபாய் வெளியே போகக்கூடாது.

ஊரோடு வந்த பிறகு என்.ஆர்.ஐ. கணக்கை அப்படியே வைத்திருக்க விதி இடம் தராது. வங்கிக்கு இருவருமாகப் போய் அதை உள்நாட்டுக் கணக்காக மாற்றுங்கள். யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கும்படி இருவர் பெயரையும் போடுங்கள். ஆளுக்கொரு கார்டு வாங்குங்கள். அவர் உங்களிடம் கையேந்தவும் வேண்டாம், நீங்கள் அவரிடம் கையேந்தவும் வேண்டாம்.

பாலைவன வெயிலில் நின்றவர் நீங்கள். ஒற்றை ஆளாய் வீட்டைத் தாங்கியவர் அவர். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் தீராத கணக்கு ஏது? இன்றிரவே நோட்டை விரியுங்கள்!