மூன்றரை மணி நேரம்

என் மாணவி முதன்முறையாகத் தனியாக வெளிநாடு போகிறாள். சென்னையிலிருந்து பெர்லினுக்கு, தோஹாவில் விமானம் மாற வேண்டும்.

"ஒன்றேகால் மணி நேர இடைவெளி போதும். பொம்பளப் பிள்ள ஏர்போர்ட்ல எதுக்கு அதிக நேரம் உட்காரணும்?" என்றாராம் அண்ணன்.

அவள் மூன்றரை மணி நேரத்தைத் தேர்ந்தாள். சென்னை விமானம் ஒரு மணி நேரம் தாமதமானாலும், தோஹாவில் மறுபடி பாதுகாப்புச் சோதனை முடித்து வாயிலைத் தேடி நிதானமாக நடக்கலாம். இரண்டு விமானங்களுக்கும் ஒரே டிக்கெட். இணைப்பு தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் நட்டம் அவளுடையது.

பாதுகாப்பு என்பது பெண் வெளியில் இருக்கும் நேரத்தைக் குறைப்பதா, அவள் கையிலுள்ள நேரத்தைக் கூட்டுவதா? அண்ணனின் அக்கறை பொய்யில்லை. அதன் கணக்குதான் வேறு.

மிச்ச நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"சும்மா உட்காந்திருப்பேன் மேடம்."