சாழலின் பிற்பாதி



அடியேனுடைய தமையனாரின் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். அவளும் தோழி ஒருத்தியும் சேர்ந்து, பாசுரங்களுக்கு எளிய பொருள் சொல்லும் சிறு படங்களை வலைத்தளத்தில் வெளியிட்டு வருகிறார்கள். சென்ற புரட்டாசிச் சனிக்கிழமை, தியாகராய நகர் வெங்கடநாராயணா சாலையில் திருவேங்கடமுடையான் ஸந்நிதி வரிசையில் நின்றிருந்தபோது, புதிய படம் ஒன்றைக் காட்டி, "தாத்தா, இதைப் பாருங்கோ, ஒரே நாளில் எவ்வளவு பேர் பார்த்திருக்கா!" என்றாள்.

நாற்பது விநாடிப் படம். வெண்ணெய்த்தாழித் திருக்கோலத்தில் ஓர் உத்ஸவ மூர்த்தியின் நிழற்படம். அதன்மேல், அந்த வாரம் எல்லோருடைய ரீல்ஸிலும் ஒலித்துக்கொண்டிருந்த திரைப்பட நகைச்சுவைக் குரல். திருடனைப் பிடித்தவன் அதட்ட, திருடன் அசட்டுத்தனமாகச் சமாளிக்கிறான். திருடனின் குரல் வரும்போதெல்லாம் பெருமாளின் திருமுகத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். வரிசையில் அருகே நின்ற இருவர் சிரித்தார்கள். அடியேனுக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது. அதை மறைத்துவிட்டு இதை எழுதுவது நேர்மையாகாது.

"என்ன தவறு? கண்ணன் வெண்ணெய் திருடியதை ஆழ்வார்களே பாடவில்லையா?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. வீட்டுக்கு வந்து பெரிய திருமொழியின் பதினோராம் பத்து, ஐந்தாம் திருமொழியை எடுத்து வைத்துக்கொண்டோம்.

சாழல் என்பது பெண்கள் எதிரெதிரே நின்று, ஒருத்தி குறை சொல்ல மற்றவள் விடை சொல்லி விளையாடும் ஆட்டம். தெருவில் ஆடிய அந்த ஆட்டத்தின் மெட்டைத் திருமங்கையாழ்வார் எடுத்துக்கொண்டார். (திருவாசகத்திலும் சாழல் உண்டு. ஆட்டம் அக்காலத்தில் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு அதுவே சான்று.) பெரியாழ்வாரும் பிள்ளைகளை அச்சுறுத்தும் அப்பூச்சி விளையாட்டையும், குதித்தாடும் உந்திபறத்தலையும் பாசுரமாக்கினார். ஆகவே, 'ஊரில் எல்லோரும் பாடும் மெட்டு' என்பதனால் மட்டும் ஒன்று விலக்கத்தக்கதன்று. ஊர் மெட்டை ஒதுக்கினால் திவ்யப்ரபந்தத்தில் கணிசமான பகுதியை ஒதுக்க நேரும்.

ஆனால் சாழலின் அமைப்பைப் பார்க்க வேண்டும். முதற்பாதியில் ஒருத்தி, உலகத்தார் ஏசும்படி ஆய்ப்பாடிக்குப் போய்ப் பெண்கள் வைத்த தயிரை உண்டவனல்லவா உன் பெருமான் என்கிறாள். அதே பாசுரத்தின் பிற்பாதியில் மற்றவள், தயிருண்ட அந்த வயிறேதான் ஏழுலகங்களையும் உண்ட பிறகும் இடமுடையதாயிருந்தது என்கிறாள். எளிமை சொல்லப்பட்ட அந்த இடத்திலேயே மேன்மையும் சொல்லப்படுகிறது. ஸௌலப்யத்தையும் பரத்வத்தையும் இரண்டு பாசுரங்களாகப் பிரித்து, ஒன்றை இன்றும் மற்றொன்றை நாளையும் பாடிக்கொள்ள ஆழ்வார் இடம் வைக்கவில்லை. குழந்தைகளின் படத்தில் முதற்பாதி மட்டுமே இருந்தது.

நாற்பது விநாடிக்குள் பிற்பாதியையும் சேர்த்துவிட்டால் போதுமா? போதாது. விரலால் தள்ளிப் பார்க்கும் பழக்கத்தில் பலர் சில விநாடிக்குள்ளேயே அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். கேலியை முன்னும் விடையைப் பின்னும் வைத்தால், போகிறவன் கேலியை மட்டும் எடுத்துக்கொண்டு போவான். நேரில் ஆடிய பெண்களுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. விடை வரும்வரை எதிரே நின்றாக வேண்டும் என்பதே ஆட்டம்.

இரண்டாவது, கடன் வாங்கிய குரல். அடியேன் வங்கியில் இருந்த காலத்தில் காசோலையின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிகம் பார்ப்போம். யார் யார் கையெழுத்திட்டு யாருக்கு மாற்றினார்கள் என்பது அங்கே இருக்கும். பரவலான ஆடியோவும் அப்படித்தான். இன்ஸ்டாகிராமில் ஆடியோவின் பெயரைத் தொட்டால், அதே ஒலியை வைத்து எடுத்த மற்றப் படங்களெல்லாம் வரிசையாக வரும். பேத்தியைத் தொடச் சொன்னேன். முதல் பன்னிரண்டைப் பார்த்தோம். குடித்துவிட்டு வீடு திரும்பும் கணவன், தேர்வில் பார்த்தெழுதிய மாணவன், அடியேன் இங்கே எழுத விரும்பாத ஒன்று. இவற்றின் நடுவே பெருமாள். அவள் ஒன்றும் பேசாமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

மூன்றாவதே அடியேனுக்கு மிகவும் உறுத்தியது. நம் ஸம்ப்ரதாயத்தில் அர்ச்சை என்பது பெருமாளைக் குறிக்கும் அடையாளம் அன்று, அவனே. நீராட்டினால் நீராடி, எழுந்தருளப் பண்ணினால் எழுந்தருளி, அர்ச்சகர் கையில் தன்னை முழுவதும் ஒப்படைத்துப் பேசாமல் இருப்பதையே பூர்வாசார்யர்கள் அர்ச்சாவதாரத்தின் எளிமைக்கு எல்லையாகக் காட்டினார்கள். மறுத்துப் பேசுவதில்லை என்று இருப்பவனுடைய திருவாயில் நாம் ஒரு வசனத்தை வைப்பது, அந்த எளிமையைக் காசாக்கிக்கொள்வதாகும்.

அப்படியானால் அர்ச்சாமூர்த்தியை வைத்துச் சிரிப்பே கூடாதா? திருவரங்கத்துப் பங்குனி உத்திரம் வேறு விதமாகச் சொல்கிறது. உறையூர் சென்று கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி கண்டு திரும்பும் நம்பெருமாளை ரங்கநாயகித் தாயார் உள்ளே விடாமல் கதவடைக்கிறாள். பூவும் வெண்ணெயும் எறியப்படுகின்றன. பெருமாள் பக்கமும் பிராட்டி பக்கமும் ப்ரணய கலஹ வசனங்கள் சொல்லப்படுகின்றன. பெருமாள் சொல்லும் சாக்குகளைக் கேட்டுக் கூட்டம் வாய்விட்டுச் சிரிக்கிறது. பிறகு நம்மாழ்வார் ஸமாதானம் செய்து வைக்கிறார். அந்தச் சேர்த்தியில்தான் உடையவர் கத்யத்தை விண்ணப்பித்துச் சரணாகதி செய்தார். இங்கே பெருமாளைக் கேலி செய்கிறவள் அதற்கு உரிமையுள்ள பிராட்டி. அவன் சார்பில் பேசுவோர் பரம்பரையாக அந்தக் கைங்கர்யம் பெற்றவர்கள். சிரிப்பு போய்ச் சேருமிடம் சரணாகதி. கூட்டத்தில் ஒருவரும் அவமானப்படுவதில்லை.

இந்தக் கடைசிச் செய்தி சிறியதன்று. 2024 ஜூலையில், திருமலைக் காத்திருப்புக் கூடத்தில் கதவைத் திறக்க வரும் ஊழியரைப்போல ஒரு யூடியூபரும் நண்பர்களும் நடித்தார்கள். தரிசனம் கிடைக்கப்போகிறது என்று பக்தர்கள் எழுந்ததும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். அதைப் படமாகவும் வெளியிட்டார்கள். தேவஸ்தானம் வன்மையாகக் கண்டித்தது. அதில் பெருமாளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சிரிப்புக்குப் பொருளானவர்கள் காத்திருந்த அடியார்கள். பகவதபசாரத்தைவிட பாகவதாபசாரம் கொடியது என்று படித்த நமக்கு, இது பெருமாளைக் கேலி செய்வதைவிடக் கனமான குற்றமாகத் தோன்ற வேண்டும்.

'சேலஞ்ச்' என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மார்கழியில் முப்பது நாளும் திருப்பாவை சொல்லிப் படமெடுத்துப் போட வேண்டும், மூன்று நண்பர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று தொடங்குகிறார்கள். ஒன்பதாம் நாள் காய்ச்சலில் கிடந்த குழந்தை, பத்தாம் நாள் தோற்றவளாகிறாள். பெரியாழ்வாரின் உந்திபறத்தலிலும் போட்டி உண்டு. ஒருத்தி கண்ணனைப் பாட, மற்றவள் இராமனைப் பாடுகிறாள். எவள் வென்றாலும் பாடப்பட்டவன் ஒருவனே. எண்ணிக்கையையும் பெயர் சொல்லி அழைப்பதையும் எடுத்துவிட்டு, விட்ட பாசுரத்தை அடுத்தவள் பாடி நிரப்பலாம் என்று வைத்தால் அந்தச் சேலஞ்சில் குறையொன்றும் இல்லை.

குழந்தைகள் படத்தை நீக்கினார்கள், யோசனையை விடவில்லை. புதிதாக எடுத்ததில் திருமேனிப் படம் இல்லை. இரண்டு பெண்களும் எதிரெதிரே தயிர்க்கடைசலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னணியில் சொல்லில்லாத தாளம் மட்டும். அதுவும் அப்போது பரவலாக ஓடியதுதான். முதல் விநாடியிலேயே 'இந்த வயிற்றில் ஏழுலகம்' என்ற எழுத்துத் திரையில் வந்து நிற்கிறது. எட்டு விநாடி ஒருத்தி தன் சொந்தச் சொல்லில் கேலி செய்கிறாள். இருபது விநாடிக்குமேல் மற்றவள் விடை சொல்கிறாள். விடை சொல்கிறவள் முகத்தில் மாவு தெறிப்பதுபோலத் தயிர் தெறிக்க, அவளே சிரித்துவிடுகிறாள். அதை வெட்டவா என்று கேட்டார்கள். வேண்டாமென்றேன்.

பார்த்தவர்கள் முன்னதைவிட மிகக் குறைவு. முதற்படத்தின் கீழே இருந்த கருத்துகள் எல்லாம் சிரிப்புக் குறிகளும் அந்த நகைச்சுவை நடிகரின் பெயருமே. இதன் கீழே பதினோரு கருத்துகள்தாம். அவற்றுள் ஒன்று டொராண்டோவிலிருந்து ஒரு தாயார் எழுதியது: "என் பெண் மீதிச் சாழலையும் கேட்கிறாள், எங்கே இருக்கிறது?" பேத்தி பத்தும் திருமொழியும் எண்ணிட்டுப் பதில் எழுதிவிட்டு, அடுத்த பாசுரத்துக்கு யார் கேலி செய்வது என்று தோழியோடு சண்டைபோட்டுக்கொண்டிருந்தாள்.