கையில் இல்லாத பட்டன்

தாராவியில் தொண்ணூறடி சாலையை விட்டு உள்ளே திரும்பினால் சத்தம் ஓயவே ஓயாது. கீழே தையல் மெஷின், பக்கத்தில் தகரம் தட்டுகிறவர், எதிர்வீட்டில் டிவி, சந்தில் தண்ணீர்க் குடம் உருளும் ஓசை. இப்படிப்பட்ட ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து போனில் வாடிக்கையாளரோடு பேசும் வேலை செய்ய முடியாது. நேர்காணலிலேயே பின்னால் கேட்கும் சத்தத்தைக் காரணம் காட்டி அனுப்பிவிடுவார்கள். சாட் வேலைக்கு அந்தத் தடை இல்லை. எழுத்தில் தையல் மெஷின் கேட்காது. தம்பி பரீட்சைக்குப் படிக்கலாம், அப்பா ராத்திரி டூட்டி முடிந்து வந்து தூங்கலாம், அதே அறையில் சுவரோரம் மடிக்கணினியோடு ஒருத்தி லண்டன்காரருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கலாம். மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் செம்பூரிலும் நம் பிள்ளைகள் பலர் இந்த வேலையைத் தேடிப் போவதற்கு, சம்பளத்துக்கு முன்னால் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நான் சில ஆண்டுகள் இந்தத் துறையில் ஆடிட்டராக, அதாவது மற்றவர்கள் எழுதிய சாட்டுகளைப் படித்து மதிப்பெண் போடுகிறவளாக, இருந்தேன்.

வீட்டிலிருந்து இந்த வேலையைச் செய்வதே முன்பு எளிதாக இருக்கவில்லை. கால் சென்டர்கள் தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டியிருந்தது. ஊழியரை வீட்டில் உட்கார வைக்க வங்கிப் பிணை கட்ட வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக அதைத் தளர்த்தினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 5 அன்று வந்த புதிய விதிகள் பதிவையும் பிணையையும் அடியோடு எடுத்துவிட்டன. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், அக்டோபர் 12 காலையில், மும்பையின் பெரும்பகுதியில் மின்சாரம் நின்றுபோனது. அலுவலகத்தில் ஜெனரேட்டர் இருக்கும். வீட்டில் இருப்பவருக்கு அந்த நேரம் லாகின் இல்லாத நேரம், அவ்வளவுதான். இன்றும் மழைக்காலத்தில் கேபிள்காரரின் ஒயர் எங்கோ அறுந்தால் அந்த இழப்பு ஊழியர் கணக்கில்தான் சேர்கிறது.

ஷிப்ட் என்பது பொதுவாக ஒன்பது மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் இடைவேளை, அதையும் இரண்டு மூன்று துண்டாக உடைத்துக் கொடுப்பார்கள். உள்நாட்டு வேலை என்றால் காலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஷிப்டும் உண்டு, நள்ளிரவில் முடிவதும் உண்டு, வாரந்தோறும் ரோஸ்டர் மாறும். பிரிட்டன் வேலை மதியம் ஒன்றரைக்குத் தொடங்கும்; அங்கே குளிர்காலம் வந்து கடிகாரத்தைத் திருப்பினால் இரண்டரை. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு மாலை ஆறரை அல்லது ஏழரை. மகாராஷ்டிரத்தின் 2017ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, இரவு ஒன்பதரைக்கு மேல் பெண்கள் வேலை செய்ய அவர்களின் சம்மதம் வேண்டும், போக்குவரத்தும் பாதுகாப்பும் நிறுவனத்தின் பொறுப்பு. வீட்டிலேயே வேலை என்றால் வண்டிக்குத் தேவை இல்லை. மலாடுக்கோ ஐரோலிக்கோ ராத்திரியில் அனுப்ப மறுக்கும் வீடுகள்கூட இதற்குச் சரி என்கின்றன. ஆனால் பயணம் இல்லை என்பதையே சாக்காக வைத்து ஷிப்டை இரண்டாகப் பிளந்து, காலையில் நாலரை மணி நேரம், மாலையில் நாலரை மணி நேரம் என்று கொடுக்கும் இடங்களும் உள்ளன. அது நாள் முழுவதையும் விழுங்கிவிடும். சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

சம்பளத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். அனுபவம் இல்லாதவருக்கு மும்பையில் மாதம் பதினைந்தாயிரத்திலிருந்து இருபத்திரண்டாயிரம் வரை சொல்வார்கள். வெளிநாட்டு வேலை, நல்ல ஆங்கிலம் என்றால் இன்னும் சில ஆயிரம் கூடும். சொல்லும் தொகை வேறு, கைக்கு வருவது வேறு. 18,000 என்று ஆபர் லெட்டரில் இருந்தால், நிறுவனம் கட்ட வேண்டிய பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடக்கம். பிஎஃப் கணக்கிடும் சம்பளம் 12,000 என்றால் நிறுவனத்தின் பங்கு 1,440, இஎஸ்ஐ சுமார் 520 போக, மொத்தச் சம்பளம் 16,040 அளவில் நிற்கும். அதிலிருந்து ஊழியரின் பங்காக இன்னொரு 1,440, இஎஸ்ஐக்கு 120. கைக்குச் சுமார் 14,500. ஆண் என்றால் தொழில் வரி 200 இன்னும் குறையும். 25,000 வரை சம்பளம் வாங்கும் பெண்களுக்கு மகாராஷ்டிரத்தில் அந்த வரி இல்லை. பிராட்பேண்ட் கட்டணம் இந்தப் பதினாலரையிலிருந்துதான். வேலை தருவதற்கு முன் பயிற்சிக் கட்டணம், மடிக்கணினி டெபாசிட் என்று யாராவது பணம் கேட்டால் அது வேலையே அல்ல, மோசடி.

இதற்கு மேல் மாதம் ஆயிரத்து ஐந்நூறோ இரண்டாயிரமோ இன்சென்டிவ் உண்டு. பதினாலரை ஆயிரத்தில் நடக்கும் குடும்பத்துக்கு அந்தத் தொகை சின்னதில்லை. அதைத் தருவதும் மறுப்பதும் மதிப்பெண்.

தாராவிப் பெண் ஒருத்தியின் சாட் ஒன்று இன்னும் மனதில் இருக்கிறது. ஒரே நேரத்தில் மூன்று சாட் அவள் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருவர், பார்சல் வந்துசேர்ந்துவிட்டதாகக் காட்டுகிறது, ஆனால் என் கைக்கு வரவில்லை என்கிறார். அவள் ஸ்கிரிப்ட் படியே போகிறாள். வணக்கம், உங்கள் சிரமம் புரிகிறது, ஆர்டர் எண்ணை உறுதிப்படுத்துங்கள். இவை எல்லாம் முன்பே எழுதி வைத்த வாக்கியங்கள், இரண்டு எழுத்தைத் தட்டினால் வந்து விழும். பிறகு விதி: விசாரணைக்கு 48 மணி நேரம், அதற்கு முன் பணம் திரும்பாது. அவர் திட்டுகிறார். அவள் மறுபடியும் ‘உங்கள் சிரமம் புரிகிறது’ என்கிறாள். ‘புரிகிறதென்றால் பணத்தைக் கொடு’ என்கிறார். மற்ற இரண்டு ஜன்னல்களும் பதிலுக்குக் காத்திருக்கின்றன. அவள் ஸ்கிரிப்டை விட்டு வெளியே வந்து எழுதுகிறாள்: நாளை மாலைக்குள் பணம் வந்துவிடும்.

அது ஃபேட்டல். தவறான வாக்குறுதி, அடுத்தவரின் தகவலை வெளியிடுவது, வசை, இவற்றில் ஒன்று நேர்ந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த சாட்டுக்குப் பூஜ்யம். மாதத்தில் எட்டு சாட்டுகளை எடுத்துப் பார்ப்போம். மற்ற ஏழும் 92. எட்டாவதும் அப்படி இருந்திருந்தால் சராசரி 92. பூஜ்யம் விழுந்ததால் 80.5. இலக்கு 85. இன்சென்டிவ் போய்விட்டது. விதியைக் குறை சொல்ல மாட்டேன். நாளை மாலை பணம் வராதபோது அந்த மனிதர் இரண்டாம் முறை ஏமாற்றப்படுகிறார். ஆனால் காரணத்தைக் கேட்டபோது அவள் சொன்னது வேறு. “அக்கா, அந்த ஆளு சொல்றது உண்மைன்னு தெரியுது. ஆனா பணம் குடுக்கிற பட்டன் எங்கிட்ட இல்லயேக்கா. வேற என்னத்த குடுக்க?”

இன்னொருவரின் வாக்கியத்தை எழுதும் வேலை மும்பைத் தமிழருக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு வந்த இளைஞர்கள் மாட்டுங்காவில் தங்கிக் கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு ரயிலேறிப் போனார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் மாட்டுங்காவில் பள்ளி நடத்தத் தொடங்கியது அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத்தான். அவர்களும் நாள் முழுக்க இன்னொருவரின் வாக்கியங்களையே அடித்தார்கள். ஆனால் கடிதத்தின் அடியில் துரையின் கையெழுத்து இருந்தது. கோபப்பட்டவர் துரைமேல் கோபப்பட்டார். டைப்பிஸ்ட் பதில் சொல்ல வேண்டியது எழுத்துப் பிழைக்கு மட்டும். சாட்டில் இது தலைகீழாகிவிட்டது. வாக்கியம் நிறுவனத்தினுடையது, விதி நிறுவனத்தினுடையது. ஜன்னலின் மேலே இருக்கும் பெயர் மட்டும் இவளுடையது. சாட் முடிந்ததும் வாடிக்கையாளரிடம் ஐந்து நட்சத்திரம் நீட்டப்படுகிறது. அவர் கொடுக்கும் ஒற்றை நட்சத்திரம் அந்தப் பெயரில் போய் ஒட்டிக்கொள்கிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்தத் தாராவிப் பெண்ணோடு உட்கார்ந்து ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தோம். எல்லோரும் நட்சத்திரம் கொடுப்பதில்லை. மகிழ்ந்தவரும் கொதித்தவரும்தான் மெனக்கெடுகிறார்கள். அந்த மாதம் அவளுக்கு வந்தவை 120. நான்கும் ஐந்தும் மட்டுமே நல்லவை என்று கணக்கு, அப்படி 90. ஆக 75 சதவீதம். இலக்கு இங்கேயும் 85. மீதி முப்பது சாட்டையும் ஒவ்வொன்றாகப் படித்தோம். ஒன்பது அவளால் வந்தவை: பதில் தாமதம், கேள்வியை முழுக்கப் படிக்காமல் தயார் வாக்கியத்தை ஒட்டியது, ஒரு சாட்டுக்கான பதிலை இன்னொன்றில் போட்டது. மூன்று ஜன்னல் வேலையில் இதுதான் வழக்கமான பிழை. மற்ற இருபத்தொன்றில் அவள் எழுதியதில் ஒரு குறையும் இல்லை. பணம் தாமதம், கூப்பன் செல்லாது, திரும்பப் பெறும் நாள் கடந்துவிட்டது என்று எல்லாம் விதிமேல் வந்த கோபம். இப்போது அவள் தன் ஒன்பதையும் ஒன்றுவிடாமல் திருத்திக்கொண்டாலும் நல்லவை 99தான் ஆகும். 120க்கு 99 என்றால் 82.5. ஒரு பிழையும் செய்யாத மாதத்திலும் அவள் 85ஐத் தொட முடியாது.

அந்த எண்ணைப் பார்த்து அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. இத்தனை மாதமும் தனக்குப் பொறுமை போதவில்லை, ஆங்கிலம் போதவில்லை என்று நம்பியிருந்தாள். நிறுவனம் செய்யாத காரியத்துக்கான மன்னிப்பைத் தன் பெயரில் கேட்பதே அவள் வேலையின் பெரும்பகுதி; அந்த மன்னிப்பை ஏற்க மறுத்தவர்களின் எண்ணிக்கையைத்தான் அவளுடைய தரம் என்று எழுதி வைத்திருந்தார்கள். பதினாலரை ஆயிரம் அவளுடைய டைப்பிங் வேகத்துக்குக் கிடைக்கும் கூலி அல்ல. இல்லாத பட்டனுக்கும் கேட்கும் மனிதருக்கும் நடுவில் ஒரு பெயராக நின்றுகொண்டிருப்பதற்கான கூலி.

ஆகவே சேரப் போகிறவர்களிடம் நான் சொல்வது, நேர்காணலில் சம்பளத்தோடு மூன்று கேள்விகளும் கேளுங்கள் என்பது. ஒரே நேரத்தில் எத்தனை சாட்? விதியால் வரும் குறைந்த நட்சத்திரத்தைக் கழித்துக் கணக்கிடுவார்களா, எல்லாவற்றையும் சேர்த்தா? போன மாதம் இதே டீமில் எத்தனை பேர் இன்சென்டிவ் வாங்கினார்கள்? மூன்றாவதற்குப் பதில் சொல்லத் தயங்கினால், இன்சென்டிவை வீட்டுக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுங்கள். சேர்ந்த பிறகு, ஒவ்வொரு குறைந்த நட்சத்திரத்தையும் அன்றைக்கே படித்து, தன்னால், விதியால் என்று இரண்டு பத்தியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் அந்தக் குறிப்போடு டீம் லீடரிடம் போனாள். இலக்கை மாற்றும் அதிகாரம் அவரிடமும் இல்லை. ஆனால் வார அறிக்கையில் விதியால் வந்தவற்றுக்குத் தனிப் பத்தி போடச் சம்மதித்தார். அடுத்த மாதம் அவளுடைய ஒன்பது, நான்காகக் குறைந்தது.