மிச்சமாய் நின்ற அலுமினா

எளாவூரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியரிடம் எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி தன் ஆய்வக அறிக்கையைக் கொண்டுவந்தாள். மெக்னீசியாவையும் அலுமினாவையும் சம மோல் அளவில் அரைத்து, 1,300 டிகிரி செல்சியஸில் சுட்டு, மறுபடி அரைத்து மறுபடி சுட்டு, MgAl2O4 என்ற ஸ்பைனலைச் செய்திருந்தாள். எக்ஸ்-கதிர்ப் படத்தின் முகடுகள் நூலில் உள்ள எண்களோடு பொருந்தவில்லை. விவாதப் பகுதியில் அதற்குக் காரணம் எழுதியிருந்தாள்.

ஆசிரியர்: கும்மிடிப்பூண்டி பக்கம் இத்தனை தூண்டல் உலைகள் இருக்கும்போது இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தது நல்லது. அலுமினாவும் மெக்னீசியாவும் கலந்த ரேமிங் மாஸை உலையின் உட்சுவராக இடித்து நிரப்பினால், சூட்டில் அது இதே ஸ்பைனலாக மாறும். மாறும்போது கனஅளவு ஏறத்தாழ 8 சதவீதம் பெருகி விரிசல்களை அடைக்கும். சரி, நீ எழுதியதைப் படி.

மாணவி: "ஸ்பைனலின் 311 முகடு 36.85 டிகிரியில் வர வேண்டும், 36.74-இல் வந்தது. எல்லா முகடுகளும் குறைந்த கோணத்துக்கு நகர்ந்துள்ளன. எனவே படிகக் கூடு விரிந்துள்ளது. 43.25-இல் உள்ள கூடுதல் முகடு வினைபுரியாத மெக்னீசியா."

ஆசிரியர்: "எனவே" என்ற சொல்லை எந்த உரிமையில் போட்டாய்?

மாணவி: பிராக் விதிப்படி, அணுத்தளங்களின் இடைவெளி கூடினால் கோணம் குறையும், சார்.

ஆசிரியர்: இடைவெளி கூடினால் கோணம் குறையும் என்பது சரி. கோணம் குறைந்தால் இடைவெளி கூடியது என்பது வேறு கூற்று. ஒரு காரணத்தைச் சொன்னால், அது உண்மையாக இருந்தால் வேறெங்கே என்ன தெரிய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உன் 440 முகடு எங்கே வந்தது?

மாணவி: 65.14-இல். நூலில் 65.24.

ஆசிரியர்: கூடு விரிந்தால் ஒவ்வொரு முகடும் தன் பாதிக் கோணத்தின் டேஞ்சன்டுக்கு ஏற்ப நகரும். 311-க்கு அந்த டேஞ்சன்ட் 0.33; 440-க்கு 0.64. முதலாவது 0.11 டிகிரி நகர்ந்தால் இரண்டாவது எவ்வளவு நகர வேண்டும்?

மாணவி: ஏறக்குறைய 0.21. ஆனால் 0.10 தான் நகர்ந்திருக்கிறது.

ஆசிரியர்: அப்படியானால் உன் காரணம் 440-இலேயே தோற்றுவிட்டது. இப்போது வேறொன்றைப் பார். பொடியைத் தட்டில் அழுத்தும்போது அதன் மேற்பரப்பு இருக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே போய்விட்டால், முகடுகள் குறைந்த கோணத்துக்கு நகரும். அந்த நகர்வு கொசைனைப் பின்பற்றும். கோணம் ஏற ஏறச் சற்றே குறையும். கருவியின் ஆரம் 200 மில்லிமீட்டர், பொடி 0.2 மில்லிமீட்டர் தாழ்வு என்று வைத்துக் கணக்குப் போடு.

மாணவி: (எழுதிப் பார்த்து) 311-க்கு 0.109. 440-க்கு 0.097. இரண்டுமே பொருந்துகின்றன, சார். ஆனால் இதுவும் ஒரு ஊகம்தானே? பொடி தாழ்ந்திருந்ததா என்று இப்போது யாரால் சொல்ல முடியும்?

ஆசிரியர்: இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்தேன். சாட்சி சொல்ல உன் படத்திலேயே ஒருவர் இருக்கிறார். அந்த 43.25 முகட்டை மெக்னீசியா என்றாய். மெக்னீசியாவின் வலுவான முகடு எங்கே?

மாணவி: 42.92. நகர்வால் கொஞ்சம் தள்ளி வந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஆசிரியர்: மற்றவை எல்லாம் கீழே போகும்போது இது மட்டும் மேலே போகுமா? அதுவும் நகர்ந்திருந்தால் 42.81-இல் அல்லவா வர வேண்டும்? மெக்னீசியா இருந்தால் 62.3-க்கு அருகில் அதன் இரண்டாவது முகடும் நிற்கும். இருக்கிறதா?

மாணவி: இல்லை. அங்கே வெறும் பின்னணிதான்.

ஆசிரியர்: 25.47, 35.04, 57.40 ஆகிய இடங்களில் சிறு முகடுகள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. கொரண்டத்தின் முகடுகளை எடுத்துப் பார்.

மாணவி: 25.58, 35.15, 43.36, 57.50. அப்படியானால் 43.25-உம் கொரண்டம்தான்! நான்குமே 0.10, 0.11 அளவு நகர்ந்திருக்கின்றன.

ஆசிரியர்: கொரண்டத்துக்குள் மெக்னீசியம் கரைவது மிகமிகச் சொற்பம். அதன் கூடு விரிய வழியே இல்லை. அதன் முகடுகளும் ஸ்பைனலின் முகடுகளும் ஒரே அளவு நகர்ந்தால், நகர்ந்தது படிகமல்ல, அளவெடுத்த விதம். கலப்படம் என்று நீ ஒதுக்கியதுதான் இங்கே அளவுகோல். அடுத்த முறை சிலிக்கான் பொடியைத் தெரிந்தே கலந்து அளந்தால் இந்தத் திருத்தத்தை இன்னும் நம்பகமாகச் செய்யலாம்.

மாணவி: ஆனால் அலுமினா மட்டும் ஏன் மிஞ்சியது, சார்? வினை முடியவில்லை என்றால் இரண்டும்தானே மிஞ்ச வேண்டும்?

ஆசிரியர்: அப்படித்தான் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிஞ்சினால் அடுப்பைவிடத் தராசையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மெக்னீசியா டப்பா எங்கே இருந்தது?

மாணவி: அலமாரியில். மூடி சரியாக இறுகாது.

ஆசிரியர்: கடற்கரைப் பக்கத்துக் காற்றில் மெக்னீசியா ஈரத்தையும் கரிவாயுவையும் உறிஞ்சும். தராசு அவற்றையும் மெக்னீசியா என்றே எண்ணும். 10 கிராமுக்கு நீ எவ்வளவு எடுத்தாய்?

மாணவி: மெக்னீசியா 2.833, அலுமினா 7.167.

ஆசிரியர்: அந்த 2.833-இல் 8 சதவீதம் ஈரமும் கரிவாயுவும் என்று வைத்துக்கொள். உண்மையான மெக்னீசியா 2.606. அதற்கு ஈடான அலுமினா போக மிச்சம் 0.57 கிராம், சுட்டபின் இருக்கும் பொடியில் ஏறக்குறைய 6 சதவீதம். அந்த அளவு கொரண்டம் படத்தில் தெளிவாகத் தெரியும். மிச்சத்தில் கொஞ்சம் ஸ்பைனலுக்குள்ளேயே கரையலாம். கரைந்தால் கூடு சுருங்கி முகடுகள் உயர்ந்த கோணத்துக்குப் போகும்; நீ எழுதியதற்கு நேர் எதிர்த்திசை.

மாணவி: 8 சதவீதம் என்பது நீங்கள் வைத்துக்கொண்ட எண். அறிக்கையில் அதை எழுதலாமா?

ஆசிரியர்: கூடாது. அதே டப்பாவிலிருந்து ஒரு கிராம் எடுத்து, 1,000 டிகிரியில் எடை நிலைக்கும் வரை சூடாக்கி, மூடிய பாத்திரத்தில் ஆறவைத்து நிறு. எவ்வளவு குறைந்ததோ அதை எழுது. எடை குறையவே இல்லையென்றால் இந்தக் காரணமும் போய்விடும். அப்போது கலவை சரியாக அரைபட்டதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

மாணவி: இன்னொரு பத்தியும் இருக்கிறது. முகடுகளின் உயரமும் நூலோடு ஒத்துப்போகவில்லை. மெக்னீசியமும் அலுமினியமும் இடம் மாறியதால் என்று எழுதினேன்.

ஆசிரியர்: ஸ்பைனலின் கட்டமைப்பை 1915-இல் பிராக்கும் நிஷிகாவாவும் தனித்தனியே கண்டார்கள். சில ஸ்பைனல்களில் அயனிகள் இடம் மாறி அமர்கின்றன என்று பார்த், போஸ்ன்யாக் இருவரும் 1932-இல் காட்டினார்கள். உன் ஸ்பைனலிலும் அது ஓரளவு நடக்கும். ஆனால் எக்ஸ்-கதிர் எதைப் பார்க்கிறது?

மாணவி: எலெக்ட்ரான்களை.

ஆசிரியர்: மெக்னீசியம் அயனியில் எத்தனை?

மாணவி: பத்து. (சற்றுப் பொறுத்து) அலுமினியம் அயனியிலும் பத்துதான்.

ஆசிரியர்: இரண்டும் இடம் மாறினாலும் அந்தக் கதிருக்கு அநேகமாக வித்தியாசமே தெரியாது. நியூட்ரான் வேண்டும், அல்லது அலுமினியத்தின் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு வேண்டும். உயரங்கள் மாறியதற்குத் துகள்கள் தட்டில் ஒரே வாக்கில் படிந்தது காரணமாக இருக்கலாம். பொடியை இன்னும் நன்றாக அரைத்து, அழுத்தாமல் நிரப்பி, மறுபடி அள.

மாணவி: அப்படியானால் அந்தப் பத்தியை முழுதும் எடுத்துவிடவா?

ஆசிரியர்: உயரங்கள் ஒத்துப்போகவில்லை என்ற வரி இருக்கட்டும். நீ கண்டது அது. இடம் மாறியது என்ற வரியை அடி. முதல் பத்தியில் கொரண்டத்தின் நான்கு முகடுகளையும் அட்டவணையாகப் போட்டு, நகர்வைப் பக்கத்தில் எழுது. டப்பாவின் எடையிழப்பு வரும்வரை, அலுமினா மிஞ்சியதன் காரணத்துக்குரிய இடத்தைக் காலியாக விடு.