சாய்தளமும் கீழ்த்தள வகுப்பறையும்

நடக்க இயலாத குழந்தைக்காகப் பெற்றோர் பள்ளித் தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதம், சாய்தளம் ஒன்றும் கீழ்த்தளத்தில் வகுப்பறை ஒன்றும் வேண்டுமெனப் பெரும்பாலும் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறது. ஆனால் இவ்விரண்டும் ஒரே கையில் இருப்பவையல்ல. வகுப்பறையை மாற்றுவது தலைமையாசிரியரே முடிவெடுத்து ஒரு பிற்பகலில் செய்துவிடக்கூடியது. சாய்தளமோ, அரசுப் பள்ளியாயின் மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, பொறியாளரின் ஒப்புதல் என்று பல மேசைகளைக் கடந்து வரவேண்டியது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால், எளிதில் கிடைக்கக்கூடியதும் காலம் பிடிப்பதற்காகக் காத்துக்கிடக்கும். ஆகவே கடிதம் அவற்றைத் தனித்தனிக் கோரிக்கைகளாக வைத்து, வகுப்பறையை உடனடியாகவும் சாய்தளத்தைக் காலவரையறையுடனும் கேட்பதே முறை.

சட்டமும் இந்தப் பிரிவினைக்கு இடம் தருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கும் அரசின் அங்கீகாரம் மட்டுமே பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தக்கூடியது. கட்டடமும் வளாகமும் எவரும் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்பதையும், தனி ஒருவரின் தேவைக்கேற்ற ஏற்பாட்டைச் செய்துதர வேண்டும் என்பதையும் அது வெவ்வேறு கடமைகளாகவே குறிப்பிடுகிறது. முன்னது, சக்கர நாற்காலியில் வரும் ஒரு குழந்தைகூடச் சேராத பள்ளிக்கும் உரிய கடமை. பின்னது, இன்ன குழந்தைக்கு இன்னது தேவை என்று தெரியவரும்போது, நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமை விழாத வகையில் செய்யப்படும் மாற்றம். சாய்தளம் முன்னதைச் சார்ந்தது, வகுப்பறை பின்னதைச் சார்ந்தது. உண்மையில், சாய்தளத்திற்காக ஒரு தாயோ தந்தையோ கடிதம் எழுத நேர்வதே அப்பள்ளியின் கடமை நிலுவையில் கிடக்கிறது என்பதற்குச் சான்று.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இக்கோரிக்கைக்கு மண்ணும் ஒரு தரப்பாகிறது. கரிசல் மண் மழையில் நீரை உறிஞ்சி உப்பி, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிப்பதால், அதன்மீது எழும் கட்டடங்களுக்கு ஆழமான அடித்தளமும் உயர்ந்த பேஸ்மட்டமும் வைப்பதுண்டு. வாசலில் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள 4 படிகள் இருப்பதாகக் கொண்டால் ஏற வேண்டிய உயரம் 60 சென்டிமீட்டர். 1 பங்கு உயரத்திற்கு 12 பங்கு நீளம் என்ற விதிப்படி சாய்தளத்தின் நீளம் 7.2 மீட்டராகும். அதன் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நாற்காலி திரும்புவதற்கு 1.5 மீட்டர் சமதளம் வேண்டும், அகலமும் போதுமானதாக இருக்க வேண்டும். வாசலுக்கு நேரே அவ்வளவு இடமில்லையென்றால் சுவரையொட்டித் திருப்பிக் கட்டலாம். ஆனால் நடப்பில், படிகளின் மீதே சிமெண்டைச் சரித்துப் பூசி 2 அல்லது 3 மீட்டரில் முடித்துவிடுகிறார்கள். அத்தகைய சரிவில் குழந்தை தானாக ஏற முடியாது, பின்னாலிருந்து பிடிப்பவர் இல்லாமல் இறங்கினாலோ விழுந்து அடிபடும். ஓர் அளவுநாடா இருந்தால் எந்தப் பெற்றோரும் இதைச் சோதித்துவிடலாம்.

சரிவு சரியாக அமைந்தாலும், கரிசலின் மீது நேரே கொட்டி எழுப்பிய சாய்தளம் இரண்டொரு ஐப்பசி மழைக்குள் கட்டடத்தை விட்டு விலகி இறங்கிவிடக்கூடும். கட்டடம் ஆழத்தில் ஊன்றி நிற்க, சாய்தளம் மேல்மண்ணோடு அசைவதே காரணம். அப்போது வாசலில் உண்டாகும் இரண்டு விரற்கடை மேடு, நாற்காலியின் சிறிய முன்சக்கரங்களை நிறுத்திவிடப் போதுமானது. ஆதலால் மேல்கரிசலைத் தோண்டி எடுத்து, கிராவல் நிரப்பி, அடுக்கடுக்காக நீர்விட்டு இடித்துக் கெட்டிப்படுத்திய பிறகே கான்கிரீட் போட வேண்டும் என்பதைக் கடிதத்தில் ஒரு வரியாகவேனும் சேர்ப்பது நல்லது. குடும்பத்தின் துன்பத்தை ஒரு பக்கத்திற்கு விவரிப்பதைக் காட்டிலும், படிகளின் உயரமும் வாசல் முன்னுள்ள இடத்தின் நீளமும் தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் பயன்படும், ஏனெனில் அவர்கள் மேலிடத்துக்கு அனுப்பும் கருத்துருவுக்கு அந்த எண்களே அடிப்படை.

வகுப்பறைக் கோரிக்கையிலும் ஒரு நுட்பம் உண்டு. கீழ்த்தளத்தில் வகுப்பறை கேட்ட குழந்தை, சில இடங்களில் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டு நண்பர்களை இழக்கிறது. இன்னும் மோசமாக, அலுவலக அறையின் ஓரத்தில் தனியாக உட்கார வைக்கப்படுகிறது. கீழே வரவேண்டியது அக்குழந்தை படிக்கும் பிரிவு முழுவதும்தான் என்பதைக் கடிதம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நாற்காலி நுழையும் கழிப்பறை அதே தளத்தில் இருக்கிறதா என்பதையும் உடன் கேட்டாக வேண்டும். அது இல்லாத பள்ளியில் குழந்தை காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறது, இந்த வறண்ட வட்டாரத்தின் வெயிலில் அது உடலைக் கெடுக்கும் வழக்கம்.

அடுத்த கல்வியாண்டில் வகுப்பு மாறும்போது அறையும் மாறுமாதலால், பள்ளியை விட்டுச் செல்லும்வரை இவ்வேற்பாடு தொடர வேண்டும் என்று கேட்பதும், கடிதத்தின் நகலில் தேதியுடன் ஒப்புகை பெறுவதும் பிற்காலத்துக்கு உதவும். மேல்நிலை வகுப்புகளில் இது இன்னும் கூர்மையாகிறது: ஆய்வகங்கள் மாடியில் இருக்கும் பள்ளியில், அறிவியல் பிரிவில் சேர விரும்பும் மாணவிக்கு அவளுடைய மதிப்பெண்கள் இடம் தந்தாலும் மாடிப்படி தராது, பதினோராம் வகுப்பில் கேட்டால் ஆய்வகத்தைக் கீழே கொண்டுவர நேரமிருக்காது என்பதால், அவள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே அதற்கான கடிதம் தலைமையாசிரியரிடம் போய்ச் சேர வேண்டும்.